எழுதிவைத்த பதிலிலும் உங்கள் குரல் கேட்க

கேள்வி: மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் வட்ஸ்அப் வழியாக விற்கிறேன். ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைத் தினமும் எழுதிக் களைத்துவிட்டேன். எழுதிவைத்து அனுப்பினால் ஆட்கள் மனம் சுளிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தயாரிப்பது?

பதில்: புதிதாக எதையும் எழுதத் தொடங்காதீர்கள். கடைசியாக வந்த நூறு உரையாடல்களைப் பின்னோக்கி வாசித்து, அடிக்கடி வரும் ஐந்தாறு கேள்விகளைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஆறுதலாக இருந்த நாளில் எழுதிய நல்ல பதில் ஒன்று அங்கேயே கிடைக்கும். அதையே அச்சாக வைத்துக்கொண்டால் சொற்கள் உங்களுடையவையாகவே இருக்கும்.

அந்த அச்சில் வாழ்த்தையும் முறைப்பெயரையும் சேர்க்க வேண்டாம். நம் பகுதியில் ஒருவர் "அஸ்ஸலாமு அலைக்கும் நானா" என்று தொடங்குவார், அடுத்தவர் "வணக்கம் அண்ணா" என்பார். இருவருக்கும் ஒரே வாழ்த்துப் போனால், அந்தப் பதில் தனக்காக எழுதப்படவில்லை என்பது முதற் சொல்லிலேயே தெரிந்துவிடும். அவர் தொடங்கிய விதத்திலேயே நீங்களும் தொடங்கி, அவர் கேட்ட பொருளைக் குறிக்கும் ஒரு வாக்கியத்தைக் கையால் எழுதுங்கள். மாறாத விபரம் மட்டும் அச்சில் இருக்கட்டும்.

"பொதி இன்னும் வரவில்லை" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். வட்ஸ்அப் பிசினஸில் Quick replies பகுதியில் /pothi என்ற குறுக்குச்சொல்லுடன் இதைச் சேமியுங்கள்:

```
##
பொதி ## அன்று கூரியரில் கொடுக்கப்பட்டது. இலக்கம் ##.
அவர்களிடம் விசாரித்து, ## மணிக்கு முன் நானே அறிவிப்பேன்.
```

வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்கும்போது இது இப்படி நிரம்பும்: "வணக்கம் அக்கா, தம்பியின் கலியாணத்துக்குக் கேட்ட நீலக்கட்டச் சாரம் இரண்டும் ஞாயிறுக்கு முன் வேண்டுமென்று சொன்னது நினைவிருக்கிறது. பொதி திங்கள் அன்று கூரியரில் கொடுக்கப்பட்டது…" கலியாணத்தையும் ஞாயிறையும் முந்தைய உரையாடலில் தேடி எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த ஒரு வரிதான் அவருடைய பதற்றத்தைத் தணிக்கும். மணியைக் குறிப்பிட்டுவிட்டால், கூரியர்காரரிடமிருந்து தகவல் கிடைக்காவிட்டாலும், அந்த நேரத்தில் அதையாவது சொல்லியே ஆகவேண்டும்.

இடைவெளிகளுக்குப் புள்ளிகளை இடாமல் ## குறியை இடுவதற்குக் காரணம், நிரப்ப மறந்தால் அது அனுப்பும் முன் கண்ணில் குத்தும் என்பதே. விலையை அச்சில் எழுதாதீர்கள். நூல் விலை ஏறிய பிறகும் பழைய தொகை போய்க்கொண்டிருக்கும்.

சாயம் போய்விட்டது, நெசவில் பிசகு என்று வரும் முறைப்பாட்டுக்கு அச்சு வேண்டவே வேண்டாம். முதலில் படத்தைக் கேட்டுப் பார்த்து உங்கள் சொல்லில் பதில் எழுதுங்கள். திருப்பி அனுப்பும் முகவரியை மட்டும் சேமித்து வைக்கலாம்.

ஒரு பதிலைப் பெற்றவர்கள் உடனே அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்களானால், அந்த அச்சில் விடை தெளிவாக இல்லை. அவர்கள் இரண்டாவது முறை கேட்ட சொற்களையே எடுத்து அதைத் திருத்துங்கள்.