வெளிநாட்டு பையருக்கு மெயில்: அதட்டலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரியில் சின்ன அளவில் ஆர்த்தடாக்ஸ் டீ தயாரிக்கிறோம். ஜெர்மனியில் ஒரு பையருக்கு சாம்பிள் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. நினைவூட்டி மெயில் போட்டோம், பதிலே இல்லை. தமிழில் யோசித்துத்தான் இங்கிலீஷில் எழுதுகிறோம். மெயிலை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: நான்கே வரி மெயில். முதல் இரண்டு வரி அதட்டுகிறது, அடுத்த இரண்டு வரி கெஞ்சுகிறது. இரண்டும் உங்கள் மனதில் இருந்ததல்ல.

'இன்னும் பதில் போடவில்லை, விலையை முடிவு பண்ணிச் சொல்லுங்கள்' என்று நினைத்திருக்கிறீர்கள். தமிழில் இதில் குறையே இல்லை. 'சொல்லுங்கள்' என்பதில் கடைசியில் வரும் அந்த 'உங்கள்' மரியாதையைச் சுமந்துகொள்கிறது. இங்கிலீஷில் அதற்கு இடம் கிடையாது. அதனால் வெறும் 'டெல் அஸ்' மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. முன்னால் ப்ளீஸ் சேர்த்தாலும் அது கட்டளைதான். அவர்கள் மரியாதையைக் கேள்வியில் வைக்கிறார்கள். 'குட் யூ லெட் அஸ் நோ' என்று கேட்டால் போதும். 'வேண்டும்' வரும் இடத்திலெல்லாம் 'மஸ்ட்' போடுவதும் இதே வகைத் தவறு.

அதைவிடக் கடுமையானது 'யூ டிட் நாட் ரிப்ளை'. தமிழில் நாம் 'நீங்கள்' என்பதை விட்டுவிட்டே பேசுவோம். இங்கிலீஷில் எழுதும்போது அதைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்துகிறோம், படிப்பவருக்குக் குற்றம் சாட்டுவது போல இருக்கிறது.

அடுத்து, 'நாங்கள் சின்ன ஃபேக்டரி, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.' நம் ஊரில் இது பணிவு. அங்கே இதைப் படிப்பவர், இவர்களால் அடுத்த வருடமும் இதே தரத்தில் சரக்குக் கொடுக்க முடியுமா என்று யோசிப்பார், அல்லது விலையை இன்னும் இறக்கலாம் என்று கணக்குப் போடுவார். சின்ன ஃபேக்டரி என்பதை மறைக்க வேண்டாம். சிறிய பேட்ச்களாகச் செய்கிறோம், மாதம் இத்தனை கிலோ கொடுக்க முடியும் என்று தகவலாகச் சொல்லுங்கள். 'ரெஸ்பெக்டட் சார்', 'ஹம்பிள் ரிக்வெஸ்ட்' எல்லாம் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரில் இருந்து வந்தவை. ஏற்றுமதிப் பயிற்சி என்று நாள் முழுக்க உட்காரவைத்து எந்தப் படிவம், எந்தச் சான்றிதழ் என்று சொல்கிறார்கள். பையருக்கு நாலு வரி எழுதுவது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

புது மெயில் இப்படிப் போகட்டும். 'டியர் மிஸ்டர்' அல்லது 'மிஸ்' போட்டு அவருடைய குடும்பப் பெயர். முதல் வரியில், சாம்பிள்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தனவா என்ற கேள்வி. இரண்டாவது, சுவைத்துப் பார்த்திருந்தால் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்: 'வீ வுட் பி க்ளாட் டு ஹியர்'. மூன்றாவது, கொச்சி எஃப்ஓபி விலை எந்தத் தேதிவரை செல்லும் என்ற தகவல். சீக்கிரம் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அந்தத் தேதியே அவசரப்படுத்தும். முடிக்கும்போது 'வீ ஆர் வெயிட்டிங்' வேண்டாம், தாமதப்படுத்திவிட்டீர்கள் என்று கடிந்துகொள்வது போலத் தொனிக்கும். 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' போதும்.

இதற்காகக் குன்னூரிலோ கோவையிலோ 'எக்ஸ்போர்ட் மெயில் எழுதித் தருகிறேன்' என்று வருபவரிடம் போய்விடாதீர்கள். ஒரே ஃபார்மட்டைப் பத்து ஃபேக்டரிக்குக் கொடுப்பார். ஒரே பையருக்கு அதே வாசகம் இரண்டு இடத்திலிருந்து போனால் அதற்கு மேல் யார் படிப்பார்? அதைவிடப் பெரிய ஆபத்து, 'பதில் எனக்கே வரட்டும்' என்று தன் மெயில் ஐடியைக் கொடுப்பது. அப்புறம் பையர் அவருடைய பையர். கமிஷன் எவ்வளவு, பையர் சொன்ன விலை எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. யாராவது உதவினால் எழுதிக் கொடுக்கட்டும். ஐடியும் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழை அப்படியே கொண்டுபோகலாம்: பணம். ஆர்டர் முடிந்து சரக்குப் போன பிறகு பணம் தாமதமானால் 'பணம் இன்னும் வரவில்லை' என்றுதான் நாம் சொல்வோம், 'நீங்கள் அனுப்பவில்லை' என்று சொல்ல மாட்டோம். 'தி பேமென்ட் ஹாஸ் நாட் ரீச்ட் அஸ் யெட்' என்று அதையே எழுதுங்கள். அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, விஷயமும் மழுங்கவில்லை. ஆனால் இங்கே 'முடிந்தால்', 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று குழைந்தால் உங்கள் இன்வாய்ஸ் அவர்கள் அடுக்கில் அடியில் போய்விடும். இன்வாய்ஸ் எண், தொகை, கட்ட வேண்டிய தேதி மூன்றையும் எழுதுங்கள். எந்த நாளில் அனுப்புவார்கள் என்று நேராகக் கேளுங்கள். முதல் நினைவூட்டலுக்குப் பதில் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து அதே வாசகத்தை, இன்வாய்ஸையும் இணைத்து, திரும்ப அனுப்புங்கள்.