மனைவி கேட்ட கேள்வி

கேள்வி: சென்னையில் மென்பொருள் வேலை. எங்கள் புரோகிராமர்கள் சோதனை சர்வர் கேட்டு டிக்கெட் போட்டால் கிடைக்க 6 நாள் ஆகும். நாங்கள் மூவர் உருவாக்கிய சேவையில் 20 நிமிடம் போதும். ஒரு டீம் 3 வாரமாகப் பயன்படுத்துகிறது. இதைப் பற்றிச் சொல்ல திங்கட்கிழமை வைஸ் பிரசிடெண்ட் அரை நிமிடம் தருகிறார். சேவையை இயக்கும் குபர்நெட்டிஸ் என்ற தொழில்நுட்பத்தில் தொடங்கி 12 வரி எழுதியிருக்கிறேன். போன மாதம் சர்வர் கிடைக்காமல் 2 ரிலீஸ் தள்ளிப்போனதைப் பத்தாவது வரியில் சொல்கிறேன். மனைவியிடம் பேசிக் காட்டினேன். "இது இல்லாம இப்ப யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். அவளுக்கு ஆபீஸ் விஷயம் புரியாது. எப்படிப் பேசுவது?

பதில்: புரியாதது அவருக்கு அல்ல, உங்களுக்கு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து உங்கள் 12 வரியையும் கேட்டிருக்கிறார். உங்கள் வைஸ் பிரசிடெண்ட் மனதுக்குள் கேட்கப்போகும் கேள்வியை அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். அதற்கு நன்றி சொல்லாமல், எனக்குக் கடிதத்தில் புகார் எழுதுகிறீர்கள். வீட்டில் இருப்பவரின் பேச்சைக் காதில் வாங்காதவர் மேலதிகாரியின் முகத்தை எப்படிப் படிப்பார்?

அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் பத்தாவது வரியில் இருக்கிறது. அதை முதல் வரியாக்குங்கள். நிதானமாகப் பேசினால் அரை நிமிடத்தில் நாற்பது, ஐம்பது வார்த்தைதான் போகும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், போன மாசம் 2 ரிலீஸ் தள்ளிப்போச்சு. சோதனை சர்வருக்குக் காத்திருந்ததுதான் காரணம். இப்போ 6 நாள் ஆகுது. நாங்க செஞ்சிருக்கற சேவையில 20 நிமிஷம். ஒரு டீம் 3 வாரமா பயன்படுத்துது. இன்னும் 2 டீமுக்கு ஒரு மாசம் கொடுத்துப் பார்க்க உங்க அனுமதி வேணும்."

குபர்நெட்டிஸ் வரவே இல்லை, பார்த்தீர்களா? அவர் கேட்டால் சொல்லுங்கள். "உங்க ஆதரவு வேணும்" என்று முடித்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். 2 டீம், ஒரு மாதம் என்றால் சரி அல்லது வேண்டாம் என்று ஏதாவது சொல்லியாக வேண்டும்.

ஒரு இடத்தில் ஜாக்கிரதை. சர்வர் கொடுக்கும் டீமும் அநேகமாக அவருக்குக் கீழேதான் இருக்கும். அவர்கள் சோம்பேறிகள் என்ற தொனி வந்தால், தன் ஆட்களுக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார். அந்த 6 நாளில் கைவேலை எவ்வளவு, ஒப்புதலுக்காகக் கிடந்தது எவ்வளவு என்று டிக்கெட்டுகளைத் திறந்து இப்போதே பாருங்கள். பெரும்பகுதி ஒப்புதலில் போயிருந்தால், அந்த ஒப்புதல் உங்கள் சேவையில் என்ன ஆனது என்று கேட்பார். "அதைத் தாண்டிட்டோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார், எப்போது ஒப்புதல் தருகிறார் என்று ஒரே வரியில் பதில் இருக்கட்டும்.

அப்புறம், ஞாயிறு ராத்திரி மனைவியிடம் மறுபடி பேசிக் காட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து, நீங்கள் சொன்னது என்ன என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதுதான் வைஸ் பிரசிடெண்டுக்கும் நினைவிருக்கும். 2 ரிலீஸ் அதில் வராவிட்டால் இன்னும் வெட்டுங்கள். அன்றைக்குப் பாத்திரத்தை முதலில் நீங்கள் கழுவிவிடுங்கள், அவர் உட்கார்ந்து கேட்கட்டும்.