12 மி.மீ. ரீமருக்கு எந்த டிரில்?

கேள்வி: 12 H7 துளைக்கு 11.9 டிரில் போட்டு ரீமர் விட்டேன். உள்ளே டிரில் கோடு அப்படியே இருக்கிறது, ஏன்?

டிரில் தன் அளவுக்குச் சரியாகத் துளைப்பதில்லை. முனையின் இரு வெட்டு விளிம்பும் சமமாக இல்லாவிட்டால் 11.9 டிரில் 11.98 வரை போய்விடும். மிச்சம் 0.02தான். ரீமர் வெட்டாமல் தேய்க்கும், கோடு நிற்கும்.

11.8 போடுங்கள். துளை 11.86 ஆனாலும் விட்டத்தில் 0.14 மிஞ்சும். 11.5 போட்டால் சுருள் அடைத்து, துளை H7-இன் மேல் எல்லையான 12.018-ஐத் தாண்டலாம். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் நானே அப்படி ஒரு பிளேட்டைக் கெடுத்திருக்கிறேன்.

முதலில் கழிவுத் துண்டில் துளைத்து அளந்து பாருங்கள். அப்புறம், துளை சாய்ந்திருந்தால் ரீமர் அதை நிமிர்த்தாது. அதன் வழியிலேயே போகும்.