சொல்ல ஆளில்லாத தாத்தாக்கள்

கேள்வி: நண்பனிடம் சிகரெட்டை விடச் சொன்னால், "எங்க தாத்தா தினமும் பிடிச்சார், தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார்" என்கிறான். அந்தத் தாத்தாவை எனக்கே தெரியும், பொய் இல்லை. இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

என் தாத்தாவும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, நடுவில் எத்தனை என்று அவருக்கே கணக்குத் தெரியாது. 91 வயதில் இறந்தார். எங்கள் வீட்டில் யாரை சிகரெட்டை விடச் சொன்னாலும் அவர் பெயர்தான் முதலில் வரும். பல வருடம் எனக்கும் பதில் தெரியவில்லை.

உங்கள் நண்பர் சொல்வது உண்மை என்று முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். சிகரெட் பிடிக்கிற எல்லோரும் சீக்கிரம் சாவார்கள் என்று மருத்துவம் சொன்னதே இல்லை. கடைசிவரை பிடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை அந்தப் பழக்கமே கொல்லும் என்றுதான் சொல்கிறது. அப்படியானால் மீதிப் பாதிப் பேர் வேறு எதிலாவதுதான் இறப்பார்கள், அதில் சிலர் நல்ல வயதும் வாழ்வார்கள். தொண்ணூறு வயதுத் தாத்தா அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே இருக்கிறார். அவரைக் காட்டி அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல முடியாது.

அப்புறம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவரோடு சேர்ந்து பிடிக்க ஆரம்பித்தவர்கள் எங்கே?

இதை உண்மையிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1951இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் பிரிட்டனின் மருத்துவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன வினாத்தாள் அனுப்பினார்கள். புகைப்பீர்களா, எவ்வளவு, எப்போதிருந்து என்கிற அளவுக்குத்தான் கேள்விகள். பதில் எழுதியவர்களில் 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள். நடுநடுவே மறுபடி வினாத்தாள் போகும். யாராவது இறந்தால் காரணம் என்ன என்று பதிவாகும். ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004இல் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே பெயரை எழுதிவிட்டார்கள், அதற்கப்புறம்தான் யார் போனார் யார் இருக்கிறார் என்று பார்த்தார்கள். நாம் தாத்தா கதை சொல்லும்போது தலைகீழாகச் செய்கிறோம். கடைசியில் மிஞ்சியவரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறோம். நடுவில் விழுந்தவர்கள் அந்தப் பாதையில் கண்ணில் படவே மாட்டார்கள். சர்வைவர்ஷிப் பயாஸ் என்பது இதுதான். தமிழில் பிழைத்தோர் சார்பு எனலாம்.

அந்த மருத்துவர்களில் 1900க்கும் 1930க்கும் இடையில் பிறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட நம் தாத்தாக்களின் தலைமுறை. முப்பத்தைந்து வயதில் உயிரோடு இருந்த, சிகரெட்டை விடாமல் பிடித்த 100 பேரில் எழுபதாவது வயதைப் பார்த்தவர்கள் 58 பேர். எண்பதைப் பார்த்தவர்கள் 26. தொண்ணூறை எட்டியவர்கள் 4. சிகரெட்டையே தொடாத 100 பேரில் இதே எண்கள் 81, 59, 24.

அந்த 4 பேரில் ஒருவர்தான் உங்கள் நண்பரின் தாத்தா. நூற்றில் நாலு என்பது அபூர்வம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. இங்கேதான் நம் கண் ஏமாறுகிறது. அந்தத் தலைமுறையில் பிடிக்காதவர்களைவிடப் பிடித்தவர்கள் அதிகம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 300 பேர் பிடிக்கிறார்கள், 100 பேர் பிடிக்கவில்லை. மேலே சொன்ன விகிதத்தைப் போட்டால் தொண்ணூறு வயதில் பிடித்தவர்கள் 12 பேர், பிடிக்காதவர்கள் 24 பேர் மிஞ்சுவார்கள். அதாவது நீங்கள் சந்திக்கும் தொண்ணூறு வயதுக்காரர்களில் மூன்றில் ஒருவர் சிகரெட்காரர். "ஒண்ணும் ஆகலையே, நிறையப் பேர் இருக்காங்களே" என்றுதான் தோன்றும். தொடக்கத்தில் நாலில் மூன்று பேராக இருந்தவர்கள் மூன்றில் ஒருவராகச் சுருங்கிவிட்டார்கள் என்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் தெரியாது. தொடக்கக் கணக்கு கையில் இருந்தால்தான் தெரியும்.

அதே 300 பேரில் எழுபதுக்கு முன்பே போனவர்கள் 126 பேர். 12 வீடுகளில் தாத்தா கதை ஓடுகிறது. இந்த 126 வீடுகளில் ஏன் எந்தக் கதையும் ஓடவில்லை?

தாத்தா என்ற உறவே ஒரு சல்லடை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். ஒருவருக்கு 28 வயதில் பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு 28 வயதில் பிள்ளை என்று வைத்தால், பேரன் பிறக்கும்போது தாத்தாவுக்கு 56. பேரனுக்கு விவரம் தெரிய ஆறேழு வருடம் வேண்டும், அதற்குள் தாத்தாவுக்கு 62, 63. பேரன் சிகரெட் பிடிக்கும் வயதுக்கு வந்து, "விட்டுடு" என்று ஒருவர் சொல்லி, அவன் தாத்தாவை இழுக்கிறான் என்றால் அந்தத் தாத்தா 75, 76ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஐம்பத்தைந்தில் போனவர் யாருக்கும் தாத்தாவாக ஞாபகத்தில் இல்லை. சுவரில் ஒரு படமாக இருக்கிறார், அவ்வளவுதான். படத்தில் இருப்பவர் எத்தனை சிகரெட் பிடித்தார் என்று எந்தப் பேரன் கேட்கிறான்?

கேட்டாலும் பதில் வேறு மாதிரி வரும். எங்கள் வீட்டில் ஒரு பழைய புகைப்படம் உண்டு. தாத்தாவும் அவருடைய மூன்று சகோதரர்களும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தையிடம் ஒருநாள் ஒவ்வொருவராக விரல் வைத்துக் கேட்டேன். மூத்தவர்? "அவருக்கு ஹார்ட் அட்டாக், அம்பத்தெட்டுல." கடைசித் தம்பி? "அவனுக்கு இரைப்பு, மூச்சு விட முடியாம கஷ்டப்பட்டான். அறுபத்தொண்ணு." பிடிப்பார்களா என்று நானாகக் கேட்டபோதுதான், "பிடிக்காம? தாத்தாவே அவங்களைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டார்" என்றார். மாரடைப்பு மாரடைப்பாகவும், இரைப்பு இரைப்பாகவும் நினைவில் நிற்கிறது, சிகரெட் கணக்கில் யாரும் எழுதவில்லை. தாத்தா 91 வரை இருந்தது மட்டும் சிகரெட் கணக்கில் வரவாகிவிட்டது.

நேர்மையாக மீதியையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சகோதரர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை, அவரும் 66இல் போய்விட்டார். நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, என் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் புகைப்படம் எனக்குக் காட்டியது, ஒரே குடும்பத்துக்குள் எது ஞாபகத்தில் நிற்கிறது, எது உதிர்கிறது என்பதை மட்டும்தான்.

இன்னொரு சல்லடையும் உண்டு, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. "கடைசி வரைக்கும் பிடிச்சார், ஒண்ணும் ஆகல" என்பார்கள். கூடவே, "பக்கத்து வீட்டுக்காரர் விட்டார், விட்ட ஆறே மாசத்துல போயிட்டார்" என்றும் ஒரு கதை வரும். யார் சிகரெட்டை விடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சு வலி வந்தவர், இருமலில் ரத்தம் கண்டவர், மாடிப்படி ஏற முடியாதவர் விடுகிறார்கள். உடம்பு படுத்தாதவர் தொடர்ந்து பிடிக்கிறார். ஆக எழுபத்தைந்து வயதில் கையில் சிகரெட்டோடு இருப்பவர், பெரும்பாலும் அதைத் தாங்கிய உடம்புக்காரர். சாகப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் "விட்டவர்கள்" பட்டியலுக்கு மாறிவிடுகிறார்கள். இதைக் கவனிக்காமல் ஆய்வு செய்தால், விட்டதால்தான் செத்தார்கள் என்றுகூடக் கணக்கு வரும். அதனால் முறையான ஆய்வுகளில் நோய் வந்ததால் விட்டவர்களைத் தனியாகப் பிரிக்கப் பார்ப்பார்கள், அல்லது விட்ட பிறகான முதல் சில ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்த மருத்துவர்களில் உரிய காலத்தில் விட்டவர்களுக்குக் கிடைத்தது நேர்மாறு. அறுபதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிச்சம், ஐம்பதில் விட்டவர்களுக்கு 6, நாற்பதில் 9, முப்பதில் விட்டவர்களுக்கு இழக்க இருந்த பத்து ஆண்டும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

சிகரெட் பிடிப்பவர்கள் வேறு விதத்திலும் மோசமாக வாழ்ந்திருக்கலாமே என்று உங்கள் நண்பர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. எல்லோருமே மருத்துவர்கள் என்பதால் படிப்பு, வருமானம், சிகிச்சை வசதி இவற்றில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பதுதான் அந்த ஆய்வின் பலம். மற்ற பழக்கங்களின் வித்தியாசம் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் 4க்கும் 24க்கும் இடையில் இருக்கிற தூரத்தை அது அடைக்காது.

சுவையான விஷயம் ஒன்று. டால் தானும் சிகரெட் பிடித்தவர்தான். நுரையீரல் புற்றுநோய் பற்றிய தன் முதல் ஆய்வின் எண்களைப் பார்த்த காலத்தில் விட்டுவிட்டார். 2005இல் இறந்தபோது அவருக்கு வயது 92. இதை நண்பரிடம் ஆதாரமாக எடுத்து வீச எனக்கும் ஆசைதான், ஆனால் வீசினால் அவர் செய்யும் அதே தப்பை நானும் செய்கிறேன் என்று ஆகும்.

சரி, நேரில் என்ன சொல்வது? புள்ளிவிவரம் எடுத்தால் எதிராளி முகத்தைத் திருப்பிக்கொள்வார், என் அனுபவம். எங்கள் பெரியப்பா மகனிடம் நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். வழக்கம்போல் அவர் தாத்தாவை இழுத்தார்.

"சரிண்ணே, அவர் உங்க அப்பாவோட அப்பா. அம்மாவோட அப்பா எப்படி?"

"அவரா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்டா."

"சிகரெட் பிடிப்பாரா?"

கையில் இருந்ததை ஒருமுறை பார்த்தார். "தெரியலையே. அம்மாகிட்டதான் கேக்கணும்."