டிராஃப்ட் கேட்டு வங்கிக்குக் கடிதம்

“கிளிநொச்சியில் இருக்கிறேன். படிப்புக் கட்டணத்துக்கு டிராஃப்ட் எடுக்கவேணும். வங்கிக்குக் கடிதம் எப்படித் தொடங்குறது?”

தங்கச்சி, நீளமாக எழுதத் தேவையில்லை. கட்டணம் 12,500 ரூபா என்று வைத்து எழுதுகிறேன்:

முகாமையாளர்,
(வங்கி, கிளை)

ஐயா/அம்மணி,
பின்வரும் பெயருக்குக் கொழும்பில் மாற்றக்கூடிய டிராஃப்ட் ஒன்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
பெறுநர்: (நிறுவனத்தின் முழுப்பெயர்)
தொகை: ரூபா 12,500.00 (பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா மட்டும்)
நோக்கம்: பாடநெறிப் பதிவுக் கட்டணம்
இத்தொகையையும் வங்கிக் கட்டணத்தையும் எனது சேமிப்புக் கணக்கு இல. ……… இல் கழித்துக்கொள்ளவும்.

இதன்கீழே திகதி, கையொப்பம், பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் வரட்டும். கையொப்பம் கணக்குத் திறந்தபோது வைத்ததைப் போலவே இருக்கவேணும்.

மிகக் கவனம் வேண்டிய இடம் பெறுநர் பெயர்தான். விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். சுருக்கப்பெயரோ, அங்குள்ள அதிகாரியின் பெயரோ போட்டால் நிறுவனம் அதைத் தன் கணக்கில் வைப்பிலிட முடியாமல் திருப்பி அனுப்பலாம். பிறகு டிராஃப்டை ரத்துச் செய்து புதிதாக எடுக்கவேணும், அதற்கும் கட்டணம் போகும். கிளிநொச்சியிலிருந்து தபாலில் போய்த் திரும்பும் நாட்களுக்குள் விண்ணப்ப முடிவுத்திகதியே தாண்டிவிடலாம்.

வங்கிக் கட்டணத்தை 12,500க்குள் கழிக்க விடாதீர்கள், தொகை குறைந்தால் பதிவு நிற்கும். அதற்காகத்தான் கடைசி வரியில் இரண்டையும் தனித்தனியாகச் சொன்னேன்.

நோக்கம் பெரும்பாலும் டிராஃப்டில் அச்சாகாது. யாருடைய பணம் என்று தெரிய, பின்பக்கத்தில் உங்கள் பெயரையும் விண்ணப்ப இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். கவுண்டரை விட்டு நகரமுதல் பெயர், தொகை இரண்டையும் படிவத்தோடு ஒப்பிட்டு, ஒரு போட்டோப் பிரதியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.