மாடல் பெயரை மட்டும் எழுதி ஆர்டர் போடாதீர்கள்

கேள்வி: கிராமத்தில் ஓர் உதவிபெறும் நடுநிலைப்பள்ளி நடத்துகிறோம். பதிவு பெற்ற சங்கம்தான் நிர்வாகம், நான் தாளாளர். முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணத்தில் 30 வைஃபை டேப்லெட்டும் ஆசிரியர்களுக்கு 4 போனும் வாங்கப் போகிறோம். கடைக்காரர் தந்த கொட்டேஷனில் மாடல் பெயர், விலை, 'ஒரு வருடம் கம்பெனி வாரண்டி' இவ்வளவுதான் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இது போதுமா? நாங்கள் தனியாக ஏதாவது எழுதி வாங்க வேண்டுமா?
– ஒரு தாளாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போதாது. கொட்டேஷனுக்கு 'சரி' என்று பதில் போடாமல், நீங்களே ஒரு விவரக்குறிப்பு எழுதி, அதன் கீழ் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பக்கம் போதும்.

முதலில் மாடல் பெயர் விஷயம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16 உங்களுக்கு ஒரு நல்ல பாதுகாப்பைத் தருகிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது யாரும் எழுதாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால், 'வேலைக்கு ஏற்றது' என்ற அந்த உத்தரவாதம் சேராது. "அவர்கள் கேட்ட மாடலைக் கொடுத்தோம், வகுப்பறைக்கு ஒத்துவருமா என்று எங்களைக் கேட்கவில்லையே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பது இதை வைத்துத்தான்.

ஆகவே விவரக்குறிப்பின் முதல் பத்தி இப்படி இருக்கட்டும்: "6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்கள் வகுப்பறையில் பாட வீடியோ பார்க்கவும் பாடநூல் படிக்கவும், இணையம் இல்லாத நேரத்திலும் பயன்படுத்தத் தேவை. ஒருமுறை சார்ஜ் செய்தால் தினமும் குறைந்தது 5 மணி நேரம் ஓட வேண்டும். இந்தத் தேவைக்கு ஏற்ற சாதனத்தை உங்கள் தொழில் அனுபவத்தை நம்பிக் கேட்கிறோம்." அதன் கீழ் ராம், சேமிப்பிடம், திரை அளவு ஆகியவற்றைக் 'குறைந்தபட்சம்' என்ற சொல்லோடு எழுதுங்கள். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்பதையும் கேளுங்கள். மாடல் பெயர் கடைசியில், 'விற்பனையாளர் பரிந்துரைக்கும் மாடல்' என்ற கட்டத்தில் அவர் கையாலேயே வரட்டும். தேர்ந்தெடுத்தவர் அவர் என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்து 'கம்பெனி வாரண்டி'. அப்படியென்றால் கடைக்காரர் கைகழுவிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தயாரிப்பாளர் தரும் வாரண்டி தவிர, அதே காலத்துக்கு விற்பனையாளரும் நேரடியாகப் பொறுப்பு" என்று ஒரு வரி சேருங்கள். பேட்டரியையும் சார்ஜரையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பல கம்பெனிகள் சாதனத்துக்கு ஒரு வருடம் என்றாலும் இவற்றுக்கு ஆறு மாதம்தான் தருகின்றன, பள்ளியில் முதலில் படுப்பதும் பேட்டரிதான்.

காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதில்தான் பள்ளிகள் அதிகம் ஏமாறுகின்றன. நிதியாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்க மார்ச் 25இல் பில் போடுகிறீர்கள், பெட்டிகள் அலமாரிக்குள் போகின்றன, ஜூனில் பள்ளி திறந்ததும் பிரிக்கிறீர்கள் என்று வையுங்கள். பில் தேதியிலிருந்து கணக்கிட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் வாரண்டி வீண். அதைவிடப் பெரிய சிக்கல் பிரிவு 42. பொருளைப் பெற்று, நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கும். ஏற்றுக்கொண்ட பிறகு, பிரிவு 13இன்படி, பொதுவாக நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம், பொருளைத் திருப்பித் தர முடியாது. எனவே "டெலிவரியான 15 வேலை நாட்களுக்குள் எல்லாச் சாதனங்களும் சோதிக்கப்படும், எழுத்தில் ஏற்றுச் சான்று தரும் நாளிலிருந்து வாரண்டி தொடங்கும்" என்று எழுதுங்கள். எழுதிவிட்டு, விடுமுறையானாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

டெலிவரி செலானில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருப்பார்கள். அதை அடித்துவிட்டு, "பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 4 போன்களிலும் *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். KYM என்று அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது யாருடைய மாடல் என்று பதில் வரும். வைஃபை டேப்லெட்டுக்கு ஐஎம்இஐ இருக்காது, அதனால் 30 சீரியல் எண்களும் பில்லோடு பட்டியலாக வர வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால், பழுதான டேப்லெட் இந்தப் பில்லில் வாங்கியதுதானா என்பதிலேயே சண்டை தொடங்கும்.

சர்வீஸ் தூரத்துக்கு வருகிறேன். வாரண்டி என்றால் பெரும்பாலும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கும் முறைதான். ஓர் ஆசிரியர் ஒரு நாள் லீவு போட்டு ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பழுதை போனிலோ மின்னஞ்சலிலோ சொன்ன 3 வேலை நாளில் பள்ளிக்கு வந்து எடுத்துச் செல்ல வேண்டும், 10 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும், அதுவரை மாற்றுச் சாதனம் தர வேண்டும், ஒரே பழுது மூன்றாம் முறை வந்தால் புதிது தர வேண்டும் என்று எழுதுங்கள். தாமதத்துக்கு ஒரு சாதனத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் பிடித்தம் என்று வைக்கலாம். தொகை நியாயமாக இருக்கட்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமானதையே நீதிமன்றம் தரும். 500 ரூபாய் என்று எழுதினால் கடைக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார்.

கீழே விழுந்து உடைவதும் தண்ணீர் புகுவதும் சாதாரண வாரண்டியில் வராது. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். திரை மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் இரண்டு வருடத்துக்கு இப்போதே எழுதி வாங்குங்கள்.

இதையெல்லாம் கடைக்காரர் மதிப்பாரா என்றால், உங்கள் கையில் பணம் இருக்கும்வரை மதிப்பார். டேப்லெட் ஒன்று 12,000 ரூபாய் என்றால் 30க்கு 3,60,000. இதில் பத்து சதவீதம், 36,000 ரூபாயை வாரண்டி முடியும்வரை நிறுத்திவையுங்கள். 'அவ்வளவு நாள் முடியாது' என்றால் அதே தொகைக்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். நானாக இருந்தால் விலையில் பேரம் பேசுவதைவிட இதில்தான் பிடிவாதமாக இருப்பேன்.

வழக்கு என்று வந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். மறுவிற்பனைக்கோ லாபத்துக்கோ வாங்காததால் நீங்கள் நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லில் 'சென்னை நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது' என்று இருந்தாலும் பயப்படாதீர்கள், புகார்தாரர் இருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது.

நிர்வாகம் அறக்கட்டளையாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன். அறக்கட்டளை 'நபர்' என்ற வரையறைக்குள் வராது, அதனால் நுகர்வோர் ஆகாது என்று பழைய 1986 சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு தீர்ப்பு சொன்னது, எதிர்த்தரப்பு இன்றும் அதைத் தூக்கிக்கொண்டு வரும். உங்களுடையது சங்கம், பதிவு பெற்றதோ பெறாததோ அது வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஆர்டர், பில், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு மூன்றும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். முன்னாள் மாணவர் ஒருவர் தன் கார்டைத் தேய்த்துவிட்டுத் தன் பெயரில் பில் வாங்கிவந்தால், வாங்கியவர் அவர்தான், புகார் கொடுக்க வேண்டியவரும் அவர்தான் என்ற வாதத்துக்கு வழி திறந்துவிடும். பணத்தை முதலில் சங்கக் கணக்கில் போடச் சொல்லுங்கள், அங்கிருந்து கடைக்குப் போகட்டும்.