கம்பனி தருவதாகச் சொன்ன இடமாற்றக் கொடுப்பனவில் வரி பிடித்துவிட்டார்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்கு மாற்றினார்கள். கடிதத்தில் “வரியற்ற இடமாற்றக் கொடுப்பனவு 1,000,000 ரூபா” என்று இருந்தது. கைக்கு வந்தது 640,000. மாதச் சம்பளம் 500,000. மனிதவள மேலாளர் முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது 360,000 தருவதாகவும் புதுக் கடிதத்தில் கையெழுத்திடும்படியும் சொல்கிறார்கள். இடலாமா?

பதில்: மேலாளரின் நடத்தையை விடுங்கள், வழக்கில் அது எடுபடாது. உங்கள் பலம் அந்தக் கடிதம்தான். இப்படிக் கையில் தரும் கொடுப்பனவு வேலை வருமானம். கம்பனி “வரியற்றது” என்று எழுதினாலும் இறைவரித் திணைக்களத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் வரியைத் தானே சுமப்பதாகக் கம்பனி உங்களுக்கு வாக்களித்தது என்று வாதிடலாம். எழுத்திலுள்ள ஒப்பந்தம் என்பதால் வழக்குத் தொடர 6 ஆண்டு இருக்கிறது.

360,000 ஏன் போதாது? அதுவும் வருமானம்தான். உங்கள் சம்பளம் ஏற்கெனவே 36 வீத உச்சப் படியில் இருப்பதால் அதிலிருந்தும் 129,600 போகும். கைக்கு 230,400தான் வரும். முழு 1,000,000 கிடைக்க வேண்டுமென்றால் 1,000,000ஐ 0.64ஆல் வகுக்க வேண்டும். வருவது 1,562,500. அதாவது கம்பனி இன்னும் 562,500 சம்பளப் பட்டியலில் காட்டினால்தான், வரி போக 360,000 உங்களிடம் வந்து சேரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் புதுக் கடிதத்தில் இருக்கலாம். என்னிடம் வந்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டது, இரண்டு ஆண்டுக்குள் விலகினால் “கம்பனி செலவிட்ட முழுத் தொகையையும்” திருப்பித் தர வேண்டும் என்ற வாசகத்தில்தான். வரியோடு சேர்த்து உயர்த்திக் கொடுத்தால் கம்பனியின் செலவு 1,562,500. உங்களுக்குக் கிடைத்ததோ 1,000,000. மீதி 562,500 அரசுக்குப் போன பணம், அதை நீங்கள் சேமிப்பிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். விலகும்போது கடைசிச் சம்பளத்தில் கழிக்கவும் பார்ப்பார்கள். கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அலைய வேண்டியவரும் நீங்கள்தான். மார்ச் 31 தாண்டி அடுத்த வரியாண்டில் விலகினால் அந்த அலைச்சல் இன்னும் கடினம், ஏனென்றால் அந்த ஆண்டுக் கணக்கைக் கம்பனி அப்போது முடித்திருக்கும்.

அதனால் 129,600க்காக நீதிமன்றம் போகாதீர்கள், சட்டத்தரணிக் கட்டணமே அதைத் தாண்டிவிடும். 562,500ஐக் கேட்டுப் பேரம் பேசுங்கள். பாதி வழியில் இறங்கி வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் இரண்டு திருத்தங்கள் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். “வேறு எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்ற வாசகம், பணம் வங்கிக்கு வந்த பிறகே பலிக்கும் என்று மாற வேண்டும். திருப்பித் தர வேண்டியது வரி போகக் கையில் கிடைத்த தொகை மட்டுமே என்றும், வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் அது குறையும் என்றும் எழுதித் தர வேண்டும்.